படத்தில் இல்லாத குடும்பம்

தப்பில்லாமல் பேசுவதுதான் பேச்சு என்று நாகவல்லிக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போயிருந்தது. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மனப்பாடமாக ஒப்பித்துக் கைதட்டல் வாங்கியவள். 1999-ல் ஜெர்மன் இடைநிலைத் தேர்வுக்குப் படித்தபோதும் அந்தப் புத்தி போகவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த கம்பெனி, புது மெஷின் பழக இரண்டு பேரை ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்புவதாக இருந்தது. தேறினால்தான் பயணம். டிராயிங் பிரிவிலிருந்து அவள், ஃபிட்டர்களில் ஆவடி சம்பத். வாய்மொழித் தேர்வுக்கு ஜோடியாகப் போக வேண்டும். முதலில் அறிமுகம், பிறகு ஆளுக்கொரு படத்தை விவரித்து, அதைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசுவது, கடைசியில் இருவரும் கலந்து ஒரு திட்டம் போடுவது.

கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் பத்திரிகைப் படங்களை வைத்துப் பழகினார்கள். ஒருநாள், ஒரு பெரியவர் தனியாக ரொட்டி தின்னும் படம் வந்தது. தன் அப்பாவும் முதல் ஷிப்டுக்கு முன் இப்படித்தான் ஒண்டியாகச் சாப்பிடுவார், வீடே தூங்கும் என்று சம்பத் ஜெர்மனில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். வாக்கியத்துக்கு மூன்று பிழை. நாகவல்லி விடுவாளா, வரிக்கு வரி நிறுத்தித் திருத்தினாள்.

"இப்படிப் பேசினா மார்க்கு போய்டும் சம்பத்து. நான் எழுதித் தரேன், உருப்போடு."

"நம்ம ஊட்டுக் கதைய சொல்லக்கூடாதாக்கா?"

"தப்பில்லாம வந்தா சொல்லு."

ஒரு குடும்பம் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவதாகப் பதினைந்து வாக்கியம் எழுதித் தந்தாள். அவனும் மின்சார ரயிலில் அதைக் கரைத்துக் குடித்தான்.

தேர்வில் அவனுக்கு வந்த படத்தில், பூங்கா பெஞ்சில் ஒரே ஒரு கிழவர், மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். சம்பத் தொண்டையைச் செருமி, "முன்பக்கத்தில் ஒரு குடும்பம் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறது" என்று ஜெர்மனில் ஆரம்பித்தான்.

தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார்: "படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

சம்பத் நாகவல்லியைத் திரும்பிப் பார்த்தான். பழகும்போது அவன் திக்கிய இடத்திலெல்லாம் வார்த்தையை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். இங்கே கேள்வி அவனுக்கு. அவள் வாயைத் திறக்க முடியாது. அவன் முதல் வாக்கியத்தையே மறுபடி சொன்னான்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. எழுத்தில் இருவரும் தேறியிருந்தார்கள். வாய்மொழியில் சம்பத் தேறவில்லை. மறுபடி எழுதலாம்தான், ஆனால் அதற்குள் விமானம் கிளம்பிவிடும்.

கம்பெனி கேட்டில் அவன் சொன்னான்: "அந்தப் பெரியவரு அப்படியே எங்கப்பா மாதிரி கீறாருக்கா. சொல்லணும்னு நாக்கு வரைக்கும் வந்திச்சு. தப்பா வந்துடும்னு வுட்டுட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது.

நாகவல்லி மட்டும் போனாள். அங்கே ஆறு மாதமும் தப்பும் தவறுமாகத்தான் பேசினாள். எல்லோருக்கும் புரிந்தது. ஒருவரும் அவளைத் திருத்தவில்லை.