நல்லதண்ணிக் குழாய்

செத்துப்போன தேவசகாயத்துக்கு அருள்முருகன் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். இருவரும் ஒரே கப்பலில் இன்ஜின் அறை ஆட்கள்.

கப்பல் கடலூருக்கு வந்துகொண்டிருந்தது. அடித்தட்டில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரம் ஓடியது. பிரித்த தண்ணீரில் பத்து லட்சத்துக்குப் பதினைந்து பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால் மீட்டர் அலறும். வால்வு திரும்பி, தண்ணீரைக் கடலுக்கு விடாமல் தொட்டிக்கே அனுப்பிவிடும். அன்று மீட்டர் நாற்பது காட்டியது.

"மீட்டருக்குள்ள நல்லதண்ணிய வுடு அருளு, அது ஏமாந்துடும். இல்லன்னா அடுத்த கான்ட்ராக்ட் கெடையாது" என்றார் இன்ஜினியர் வெங்கட்ராம். மீட்டருக்குப் போகும் அந்த நல்லதண்ணிக் குழாயை தேவசகாயம் இருந்தவரை யாரையும் தொடவிட்டதில்லை.

அருள்முருகன் திறந்தான். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. வால்வு கடல் பக்கம் திரும்பியது. அவன் முதுகைக் காட்டியதும் மீட்டர் அலறியது. குழாய் மூடியிருந்தது, பிடியில் ஈரமாய் எண்ணெய் விரல் தடம். மறுபடி திறந்தான். கண்ணெதிரே பிடி மெல்லத் திரும்பி மூடிக்கொண்டது.

"என்னால ஆவாது சார். இந்த எண்ணெத் தண்ணிய கரையில லாரிக்கு ஏத்திடலாம்."

இறங்கியதும் பணத்தோடு குறிஞ்சிப்பாடிக்குப் போனான். தேவசகாயத்தின் மனைவி ராசம்மாள் வாங்கவில்லை.

"வேணாம் தம்பி. கனவுல வந்தாரு. அருளு கடன அடைச்சிட்டான்னாரு. கையெல்லாம் எண்ணெ."