எந்த வயது வரைக்கும்

கணவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, ஓய்வு நிதி ஆலோசகரின் அலுவலகத்துக்கு அவள் மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். பெயர் மாற்ற வேண்டும், நாலு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தாள். மகனுக்கு வேறு நினைப்பும் இருந்தது. புது வீட்டுக்கு முன்பணம் கட்ட ஒரு பத்து லட்சம் அம்மாவிடம் கேட்கலாம் என்று காரில் வரும்போதே அடிபோட்டுக்கொண்டு வந்தான்.

கேட்பதில் அவளுக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மீதி ஐம்பத்தாறு லட்சம் இருக்கிறது என்று கணவரின் ஓய்வு நிதியிலிருந்து கடிதம் வந்திருந்தது. பதினோரு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டும் பாதிக்கு மேல் மிச்சம் என்றால் சும்மாவா?

கணவர் பாலங்களைப் பரிசோதிக்கிற பொறியாளராக இருந்தவர். பத்து லாரி போகிற பாலம் முப்பது லாரியைத் தாங்க வேண்டும் என்று அடம்பிடித்து, ஒப்பந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அறுபதில் ஓய்வு பெற்றபோது ஒரு கோடி வந்தது, அதை நிதியில் போட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்று இதே நாற்காலிகளில் அவரும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். இதே ஆலோசகர் அம்மாள்தான். முடி மட்டும் அப்போது கறுப்பு.

"வருஷா வருஷம் விலைவாசி ஏற ஏற நீங்க எடுக்கிற தொகையும் ஏறணும். எந்த வயசு வரைக்கும் பணம் வரணும்னு போடட்டும் சார்?" என்று அன்று கேட்டாள் அந்த அம்மாள்.

"எங்க வம்சத்துல எவனும் எழுபத்தஞ்சு தாண்டினதில்ல. அப்பா எழுபத்திரண்டு, அண்ணன் எழுபது. எழுபத்தஞ்சு போடுங்க, அதுவே அதிகப்படி" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மாதம் அறுபத்துமூவாயிரம் என்று திரையில் வந்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். அன்று அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிறகு என்ன, வண்டி நன்றாகத்தான் ஓடியது. முதல் மூன்று வருடம் எடுக்க எடுக்க நிதி ஏறக்குறைய ஒரு கோடியாகவே நின்றது. "பாத்தியா, கிணத்துல ஊறுற மாதிரி ஊறுது" என்று அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். வருடத்துக்கு ஒரு பயணம், மகனுக்குக் கார், பேத்திக்குப் பெரிய பள்ளிக்கூடம். எடுக்கிற தொகை இப்போது மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் வரை வந்திருந்தது. வாடகையும் இருபதிலிருந்து முப்பத்தெட்டாயிரமாகியிருந்தது. ஆனால் கவலைப்படுகிற வீடாக அது இருந்ததில்லை.

ஆலோசகர் அம்மாள் கோப்பைப் பிரித்தாள்.

"அம்மா, இப்ப எடுக்கிற மாதிரியே எடுத்தா இன்னும் நாலு வருஷம் வரும்."

"நாலா? ஐம்பத்தாறு லட்சம் இருக்கே!" என்றான் மகன்.

"இந்த வருஷம் மட்டும் பதினாலு லட்சத்துக்கு மேல எடுக்கணும். அடுத்த வருஷம் பதினஞ்சைத் தாண்டும். நிதி எட்டு சதவீதம் சம்பாதிக்குது, சரி. விலைவாசி அதுல ஆறைத் தின்னுடுது. உண்மையில மிஞ்சுறது ரெண்டுக்கும் கீழ. எழுபத்தஞ்சோட தீரணும்னே போட்ட கணக்கு இது. தப்பா ஒண்ணும் ஓடலை. போட்டபடியே ஓடிட்டு இருக்கு."

அவளுக்கு உடனே உறைக்கவில்லை. அவருக்கு எழுபத்தைந்து ஆகியிருந்தால் அவளுக்கு அறுபத்தாறு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"அவர் மறந்துட்டாரா?" என்று கேட்டாள். மறந்துவிட்டார் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

ஆலோசகர் அம்மாள் ஒரு தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள். "மறக்கலைம்மா. பாரத்துல உங்க வயசைப் பாத்துட்டு அடுத்த வாரமே நான் ஃபோன் பண்ணி அவரை வரச்சொன்னேன். உங்க வயசுக்குத் தொண்ணூத்திரண்டு வரைக்கும் போட்டுப் பாத்தேன். மாசம் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம்தான் வந்தது. அப்படி எடுத்திருந்தா இன்னைக்கு அது ஐம்பத்தஞ்சாயிரமா ஏறியிருக்கும். இன்னும் முப்பது வருஷம் ஏறிக்கிட்டே வந்துட்டிருக்கும்."

"அவர் என்ன சொன்னார்?"

தாளின் அடியில் குறிப்பு இருந்தது: 'மனைவியைப் பிறகு மகன் பார்த்துக்கொள்வார். மாற்றம் வேண்டாம் என்று வாடிக்கையாளர் கூறினார்.' கீழே அவருடைய கையெழுத்து, வழக்கம்போல அழகாக, கோணாமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் லாரிக்கெல்லாம் மூன்று மடங்கு பார்த்த மனுஷன், பெண்டாட்டிக்கு ஒரு மடங்குகூடப் பார்க்கவில்லையே! செத்தவரை வைய வாய் வரவில்லை என்பதெல்லாம் பொய். மனதுக்குள் நன்றாகவே வைதாள். வைது முடித்ததும் அந்தப் பதினோரு வருடப் பயணங்களில் ஜன்னலோர இருக்கையில் தான்தான் உட்கார்ந்திருந்தோம் என்பதும் நினைவுக்கு வந்து, வசவு பாதியில் நின்றது. தன் எண்பத்தைந்தாம் வயதுச் சாப்பாட்டை ஐம்பத்தைந்தில் விமான நிலையங்களில் சாப்பிட்டிருக்கிறாள். யாரை நோவது?

"இப்ப என் வயசுக்குப் போடுங்க" என்றாள்.

"தொண்ணூத்திரண்டுக்குப் போட்டா மாசம் இருபதாயிரம். அதுலயும் கொஞ்சம் குறைச்சு எடுக்கிறது நல்லது. எட்டுங்கிறது சராசரிதான். ஆரம்ப வருஷங்கள்ல சந்தை விழுந்தா, விழுந்த பணத்துலேர்ந்து எடுத்துட்டு இருப்பீங்க. அப்புறம் ஏறினாலும் ஈடுகட்டாது."

இருபதாயிரம். வாடகையில் பாதி.

மகன் இருமினான். பத்து லட்சம் கேட்க வந்ததை அவன் அப்படியே விழுங்கிவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. அதற்காக அவளுக்கு ஒரு நொடி அவன்மேல் இரக்கம்கூட வந்தது. இப்போது சொல்வான், வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடும்மா என்று. என்ன பதில் சொல்வது என்றுகூட அவள் யோசித்துவைத்தாள். உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு தடவை மறுக்க வேண்டும்.

அவன் ஆலோசகர் அம்மாளிடம் குனிந்து, "மேடம், எண்பதுன்னு போட்டா எவ்வளவு வரும்?" என்று கேட்டான்.

அந்த அம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். "முப்பதாயிரம்."

"எழுபத்தஞ்சுன்னா?"

"நாப்பதாயிரம்."

"வாடகை ஆயிடும் பாரும்மா! இருக்கிற வீட்டுலயே இருந்துக்கலாம். நீ எங்கயும் போக வேண்டியதில்ல" என்றான். குரலில் அத்தனை நிம்மதி.

அவள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடி ஒழுங்காக வெட்டியிருந்தது. நல்ல சட்டை. கெட்டவன் இல்லை. மாதம் இரண்டு தடவை ஃபோன் பண்ணுகிறவன்தான். அறுபத்திரண்டிலிருந்து எழுபத்தைந்துக்குப் பதின்மூன்று வருடம். அதற்கு மேல் அவளை வைத்துக்கொள்ள அவன் கணக்கில் இடமில்லை.

"அதுக்கப்புறம்?" என்றாள்.

"அப்ப பாத்துக்கலாம்மா."

"யாரு?"

அவன் கைப்பேசியைத் திருப்பி வைத்தான். ஆலோசகர் அம்மாள் திரையில் எதையோ படிப்பதுபோல இருந்தாள்.

"தொண்ணூத்தஞ்சு போடுங்க" என்றாள் அவள்.

பதினெட்டாயிரத்து எழுநூறு வந்தது. ஆலோசகர் சொன்னபடி எழுநூறையும் தள்ளி, பதினெட்டாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். ஒரு அறை, ஒரு அடுப்பு, பொதுக் குளியலறை என்று எங்கேயாவது கிடைக்கும். வீட்டுக்காரருக்கு அன்று மாலையே சொல்லிவிட வேண்டும்.

படியிறங்கும்போது மகன் கைத்தாங்கலாக அவள் முழங்கையைப் பிடித்தான்.

"கோவப்படாதம்மா. நான் சும்மா கணக்குக்குத்தான் கேட்டேன்."

"தெரியும்டா" என்று கையை விடுவித்துக்கொண்டாள் அவள். "உங்கப்பாவும் கணக்குக்குத்தான் போட்டாரு."