ஓசூர் வெங்கட்ர. சத்திரம்

முனிவேலின் கல்யாணப் பத்திரிகை கெம்பம்மாவின் கைக்கு வந்தது முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால். சாமல்பட்டியில் அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த பூவம்மாள், பாரூருக்குச் சொந்தக்காரரைப் பார்க்க வந்த சாக்கில் அதை மடியில் கட்டி எடுத்து வந்தாள்.

"நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத தாயி. நீ காய்ச்சல்ல செத்துட்டேன்னு சொல்லிப் பொண்ணு எடுத்திருக்கறாங்க."

கெம்பம்மா முனிவேலின் மனைவி. நாலு வருஷம் அவனோடு வாழ்ந்தவள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று, ஆடி கழிந்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, பாரூரில் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கப்புறம் மூன்று ஆடி கழிந்துவிட்டது.

தம்பி கங்கப்பன் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு ஓடினான். முதல் மனைவி உயிரோடு இருக்கையில் இன்னொரு கல்யாணம் செல்லாது, சட்டம் வந்து நாலு வருஷமாகிறது என்று அங்கே ஒரு வக்கீல் சொன்னார். ஆனால் தாலி ஏறிவிட்டால் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் பெண்ணின் தகப்பனிடம் போய்ச் சொல்லிவிடுவது நல்லது என்றார். பாரூர் மணியக்காரர், கெம்பம்மா இன்னார் மனைவி, உயிரோடு ஊரில்தான் இருக்கிறாள் என்று ஒரு கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மணப்பெண்ணின் ஊர் எங்கோ தளி பக்கம் ஒரு காட்டுக் கிராமம். முன்கூட்டிப் போய்ச் சேர நேரமில்லை. அக்காளும் தம்பியும் கிருஷ்ணகிரியில் தங்கி, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஓசூரில் இறங்கியபோது மணி ஏழரை. முகூர்த்தம் எட்டரைக்கு மேல் பத்துக்குள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் கங்கப்பன் பத்திரிகையைக் காட்டினான். மண்டபத்தின் பெயர் ஒரே வரியில் அடங்காமல் அச்சாபீஸ்காரன் சுருக்கிவிட்டிருந்தான்: 'ஓசூர் வெங்கட்ர. சத்திரம்.' தெருப் பெயர் இல்லை.

"வெங்கட்ராமப்பா சத்திரமா? அதோ, ஏரிக்கரைப் பக்கம். நடந்தே போலாம்" என்றார் வண்டிக்காரர்.

வாசலில் வாழைமரம், மேளம், உள்ளே கூட்டம். மணவறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். நெற்றியில் கட்டியிருந்த பாசிகமும் அதிலிருந்து தொங்கிய பூச்சரமும் முகத்தை மறைத்திருந்தன. அதே தோள், அதே கறுத்த கை. மூன்று வருஷமாகக் காணாத உடம்பு. அவன்தானா?

"வாக்கா, இன்னும் என்ன பாக்கற!" கங்கப்பன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே பாயப் போனான். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"இருடா. மூஞ்சி தெரியல."

"அவன்தான்க்கா. வேற யாரு?"

"வேற ஒருத்தனா இருந்தா? அந்தப் பொண்ணு கதி என்னாகும்? விசாரிச்சுட்டு வரலாம்."

சத்திரத்தின் முன்னறையில் குமாஸ்தா கரியப்பன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பத்திரிகையை வாங்கி மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"கல்யாணக்காரங்களையே கேட்டிருக்கலாமே. யாரு நீங்க? பெண் வீடா, பிள்ளை வீடா?"

கங்கப்பன் வாயைத் திறப்பதற்குள் கெம்பம்மா சொன்னாள்: "பிள்ளை வீடுங்க." பொய்யில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முகம் சுட்டது.

கரியப்பன் சத்திரத்து நோட்டைப் புரட்டி அன்றைய தேதியில் விரலை வைத்தார். "இன்னிக்கு இங்க நடக்கறது பாகலூர்க்காரங்க கல்யாணம். முகூர்த்தமும் வேற, ஏழரைக்கே ஆரம்பம். உங்க பத்திரிகையில பெண்ணோட தகப்பன் பேரு நாராயணப்பன்னு போட்டிருக்கு." கொஞ்சம் யோசித்தார். "அவர் தை மாசமே இங்க வந்து கேட்டார். தேதி போயிடுச்சுன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். இது வெங்கட்ரமணா சத்திரமா இருக்கும். பெங்களூர் ரோட்டுல, ஊர் தாண்டி. மாசத்துக்கு ரெண்டு பேராவது இங்க வந்து ஏமாந்து போறாங்க."

உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. பாகலூர்ப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறிற்று. யாரோ முன்பின் தெரியாத பெண். கங்கப்பன் இன்னும் நாலடி உள்ளே போயிருந்தால் அந்தக் கல்யாணம் என்னாகியிருக்கும்! முன்னறைக் கடிகாரத்தில் எட்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

வாசலில் பிடித்த ஜட்காவின் குதிரை கிழடு. பெங்களூர் ரோட்டில் ஒரு லாரியைக் கண்டு மிரண்டு நின்றுவிட்டது. கங்கப்பன் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இந்தச் சத்திரத்திலும் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது.

வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவரிடம் கெம்பம்மா நேராகப் போனாள்.

"நீங்க நாராயணப்பனுங்களா?"

"ஆமாம்மா. பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றார். "உள்ள வாங்க."

"மாப்பிள்ளை சாமல்பட்டி ஆஞ்சப்பன் மகன் முனிவேலுங்களா?"

"ஆமா. நீங்க அவங்க பக்கமா?"

"நான் அவரோட பெண்டாட்டிங்க."

சந்தனக் கிண்ணம் பிடித்த கை அப்படியே நின்றது. கங்கப்பன் மணியக்காரரின் கடிதத்தை நீட்டினான். நாராயணப்பன் சத்தம் போடவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சம்பந்தியை வெளியே கூப்பிட்டனுப்பினார். சிரித்துக்கொண்டே வந்த ஆஞ்சப்பன் மருமகளைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துட்டான்னு சொன்னீங்களே" என்றார் நாராயணப்பன்.

ஆஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே போதுமாயிருந்தது. நாராயணப்பன் உள்ளே போய் மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். வாசிப்பு நடுவில் அறுந்தது.

அதற்கப்புறம் ஒரே கூச்சல். பெண்ணின் தாய் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து கெம்பம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நேத்து வரக்கூடாதா? போன வாரம் வரக்கூடாதா? ஊரெல்லாம் பத்திரிகை வெச்சப்புறம் வந்தியே பாவி!" முந்தாநாள்தான் தெரியும் என்று கெம்பம்மா சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

முனிவேல் பாசிகத்தை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி அவளைக் கடந்து போனான். கன்னம் சதை போட்டிருந்தது. "இப்ப உனக்கு மனசு குளிர்ந்துச்சா?" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும், வழியெல்லாம் தனக்கே தெரியாமல் பொத்தி வைத்திருந்த ஏதோ ஓர் ஆசை அவளுக்குள் அடங்கிப் போயிற்று. 'வா வீட்டுக்கு' என்று இப்போது அவன் கூப்பிட்டாலும் போக மாட்டாள். அது அவளுக்கே ஆச்சரியமாயிருந்தது.

பிள்ளை வீட்டார் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். "சாப்பிட்டுட்டுப் போங்க, சமைச்சாச்சு" என்று நாராயணப்பன் தூணில் சாய்ந்துகொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கங்கப்பன் மட்டும் ஜெயித்தவனைப் போல மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அது கெம்பம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவனை அனுப்பி வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

அவள் படியிறங்கும்போது மணப்பெண் சாந்தம்மா பின்னாலேயே வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். அழுகையில் மை கரைந்து கன்னமெல்லாம் வழிந்திருந்தது. திட்டத்தான் வருகிறாள் என்று கெம்பம்மா நின்றாள்.

"நெஜமாவே பாரூர்லதான் இருந்தீங்களா, இத்தனை நாளும்?"

"ஆமா கண்ணு."

"யாரும் வந்து ஒரு வார்த்தை கேக்கலியா?"

"இல்ல."

சாந்தம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். தாயின் ஒப்பாரி கேட்டது. "உள்ள போக பயமா இருக்கு. இனிமே என்னைப் பத்தி என்னென்ன பேசுவாங்களோ" என்றாள்.

கெம்பம்மா வண்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். பட்டுப்புடவை மண்ணில் புரள அந்தப் பெண்ணும் உட்கார்ந்தாள். பெங்களூர்ப் பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. கெம்பம்மா தன் முந்தானையால் அந்தப் பெண்ணின் கன்னத்தில் வழிந்திருந்த மையைத் துடைத்தாள்.