வண்டி நின்ற காரணம்

தொகுப்பாசிரியரின் மின்னஞ்சலைப் படித்த கோபத்தில் எதிரே இருந்த காபியை ஆறவிட்டுவிட்டேன். "மூன்றாம் பகுதியின் கூற்று எதன்மேல் நிற்கிறது என்று தெரியவில்லை. களத்தில் பார்த்ததைக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிடலாம்" என்று எழுதியிருந்தார்.

எடுத்துவிடலாமாம்! அந்தக் கட்டுரையில் நான் எழுதியதே அந்த ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் சமூகவியல் துறையில் என்னோடு வேலை பார்க்கும் இஜாஸ் எழுதியது. அது போனால் ஸ்ரீலக்ஷ்மி என்கிற என் பெயரும் போய்விடும். அனுமதி வாங்கி, கூட வருபவர்களின் சம்மதம் வாங்கி, புணேயின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, வேலைக்குப் போகும் பெண்களோடு ஒரு வருஷம் கம்பெனி வண்டியில் நான் இடிபட்டதெல்லாம் அதோடு சரி.

நான் எழுதியிருந்தது இதுதான்: 'கூட வருபவர் தாமதமானால் இந்தப் பெண்கள் அன்போடு காத்திருக்கிறார்கள். கம்பெனியின் கடிகாரத்துக்கு எதிராக வண்டிக்குள் ஒரு பரிவு இருக்கிறது.' எனக்கு மிகவும் பிடித்த வாக்கியங்கள்.

"அன்பு எங்க இருக்கு அக்கா?" என்றான் இஜாஸ். கேம்ப் பகுதியில் அவன் அப்பாவுக்குத் துணிக்கடை. புணேயிலேயே பிறந்தவன், தமிழை யோசித்து யோசித்து, நடுவில் இந்தி கலந்து பேசுவான். "யார் என்ன செஞ்சாங்க? எனக்கு ஒண்ணும் திக்கலையே... தெரியலையே."

தெரியவில்லையா, இந்தா பிடி என்று அன்று சாயங்காலம் குறிப்புகளில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். வண்டியில் கைபேசியில் தட்டிய அரைகுறை வார்த்தைகளை அன்றன்றே வீட்டில் உட்கார்ந்து விரித்து எழுதி வைப்பது என் வழக்கம். எதற்கும் பஞ்சமில்லை. முன்கண்ணாடியில் தொங்கும் செவ்வந்திச் சரம், சீட்டு உறையின் கிழிசல், பாலத்தடியில் நிற்கும் லாரிகள், யார் டப்பாவில் என்ன உப்புமா. இரண்டு பக்கம் வந்தது.

மறுநாள் இஜாஸ் பொறுமையாகப் படித்தான். "நானும் வண்டில உக்காந்த மாதிரியே இருக்கு. ஆனா நாம எங்க போறோம்?"

"உனக்கு எது எழுதினாலும் குத்தம்!"

"கோவப்படாதீங்க. செவ்வந்திப் பூ அழகா இருக்கு, ஆனா அது என்ன வேலை செய்யுது? அப்புறம், இந்த ஒரு காலைக் காட்சில ரெண்டு நாள் நடந்தது கலந்திருக்கு. பிரிச்சிடுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எப்பவுமே காத்திருந்தாங்களா?" என்று கேட்டான்.

"ஒரு நாள் தவிர" என்று முணுமுணுத்தேன். ஒரு நாள் காத்திருக்கவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். வண்டிக்குப் புதிதாக வந்த ப்ரீதியை விட்டுவிட்டுப் போனோம். அந்தக் குறிப்பின் ஓரத்தில் 'விதிவிலக்கு' என்று எழுதி ஒதுக்கி வைத்திருந்தேன். அதைச் சேர்த்தால் என் அன்பும் பரிவும் என்னாவது?

"அதையும் வைங்க அக்கா" என்றான், நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு. "உடைஞ்சா உடையட்டும். மிச்சம் நிக்கிறதுதான நம்ம கூற்று?"

எரிச்சலாக வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய், தாமதம் நடந்த நாட்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாக வைத்தேன். யார் என்ன நினைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது என்பதை மட்டும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே சந்தோஷமாகிவிட்டது. ஒதுக்கி வைத்த நாள்தான் மற்ற நாட்களுக்கு அர்த்தம் சொன்னது. ஆங்கிலத்தில் எழுதிய பத்தியை இங்கே தமிழில் தருகிறேன். பெயர்கள் அங்கேயும் இங்கேயும் மாற்றியவை. வண்டி எந்தக் கம்பெனியுடையது, எந்தச் சாலையில் போகிறது என்பதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஓட்டுநருக்கு என்னால் அபராதம் வரக்கூடாது.

'கம்பெனி தரும் ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. அம்ருதா இன்னும் கீழே வரவில்லை. ஓட்டுநர் கேஷவின் கட்டைவிரல் கைபேசியில் "வரவில்லை" என்ற பொத்தானுக்கு மேலே நிற்கிறது. "இருங்க அண்ணா" என்று யாரும் சொல்லவில்லை. சரசா கதவைத் திறந்து, துப்பட்டா மாட்டிக்கொண்டது என்று இழுக்கிறார். அது எங்கும் மாட்டியிருக்கவில்லை. கேஷவ் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு விரலை எடுக்கிறார். அம்ருதா ஓடி வந்து ஏறியதும் துப்பட்டா விடுபடுகிறது. யாரும் நன்றி சொல்லவில்லை. புதிதாக வந்த ப்ரீதி தாமதமான அன்று எதுவும் எங்கும் மாட்டவில்லை. கேஷவ் கண்ணாடியில் பார்த்தார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள். அவர் பொத்தானை அழுத்திவிட்டு வண்டியை எடுத்தார். சில வாரங்களுக்குப் பின் சரசா தாமதமானபோது, ப்ரீதி தன் பாட்டில் மூடியைச் சீட்டுக்கடியில் நெடுநேரம் தேடினார். அதற்கடுத்து ப்ரீதி தாமதமானபோது சரசாவின் துப்பட்டா மறுபடி மாட்டியது. அவர்கள் மனத்தில் இருந்ததை நான் அறியேன். நடந்த வரிசை இது. இந்த வண்டியில் காத்திருப்பு எல்லோருக்கும் பொதுவான பரிவு அல்ல, கொடுத்தவருக்குத் திரும்பி வரும் கைமாற்று. அது காத்திருப்பாகத் தெரியாமல் இருப்பதால்தான் ஓட்டுநரும் அதில் பங்கெடுக்க முடிகிறது.'

செவ்வந்திப் பூவை எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லைதான்.

அனுப்புவதற்கு முன் சரசாவிடம் காட்ட வேண்டும் என்று அச்செடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வண்டியில் ஏறினேன். சரசாவின் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். நேரம் தவறுவது சரசாவுக்கு ஆகவே ஆகாது. ஆனால் துப்பட்டா மாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்று முன் சீட்டில் ப்ரீதியும் இருந்தாள்.

அம்ருதாவின் கட்டடத்து வாசலில் வண்டி நின்றது. ஆளைக் காணோம். நிமிஷங்கள் ஓடின. சரசா ஆபீஸ் அழைப்பில் மும்முரமாக இருந்தார், ப்ரீதி கண்ணை மூடியிருந்தாள். கேஷவின் விரல் கைபேசிக்குப் போனது.

நான் யோசிக்கவேயில்லை. மடியிலிருந்த காகிதங்கள் ஜன்னல் வழியாகப் போய்விட்டன. போய்விட்டன என்ன, நானேதான் விட்டேன்!

"அரே மேடம்!" என்று கேஷவ் இறங்கினார். நானும் இறங்கினேன். ஒரு காகிதம் சாக்கடை ஓரத்தில், இன்னொன்று யாருடைய ஸ்கூட்டருக்கோ கீழே. நாங்கள் பொறுக்கி முடித்தபோது அம்ருதா ஈரத்தலையோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கேஷவ் வண்டியை எடுத்தார்.

அழைப்பை முடித்த சரசா மண் ஒட்டிய பத்தியை வாங்கிப் படித்தார்.  பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"எல்லாம் சரிதான். ப்ரீதியை விட்டுட்டுப் போனோமே, அன்னிக்கு நீங்களும்தான வண்டில இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நீங்களும் சும்மாதான உக்காந்திருந்தீங்க? அது எங்க இதுல?"

எனக்கு முகம் சுட்டது. 'மற்றவர்கள்' என்று எழுதி என்னை வண்டியிலிருந்தே இறக்கிவிட்டிருந்தேன். அன்றைக்கே அதை 'நான் உட்பட மற்றவர்கள்' என்று திருத்தினேன். அன்று காலை காகிதங்களை விட்டதையும் தேதியோடு ஓர் அடிக்குறிப்பில் சேர்த்தேன். இஜாஸ் படித்துவிட்டு, "இப்ப போறோம் அக்கா, இப்ப ரோடு தெரியுது" என்றான்.

வெள்ளிக்கிழமை அனுப்பியதற்குத் தொகுப்பாசிரியரின் பதில் அடுத்த வாரம் ஒரு காலையில் வந்தது. பகுதி இருக்கிறது. கட்டுரையின் தலைப்பையே அந்தப் பத்தியிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்ததும் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினேன். வண்டி போயிருக்கும் என்று நிச்சயமாகத் தெரியும். நான் கம்பெனி ஆள்கூட இல்லை, யார் நிறுத்தப் போகிறார்கள்?

வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. சரசா குனிந்து சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கேஷவ் கண்ணாடியில் நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"தோடு விழுந்துடுச்சு" என்றார் சரசா, என்னைப் பார்க்காமலே.

அவருடைய இரண்டு காதிலும் தோடு இருந்தது.