சீனி போடாத கேக்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம், கார்த்திகை மாதம். மழை விட்டிருந்த ஒரு காலையில், புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் பின்சந்தில் இருந்த குழந்தைசாமியின் ரொட்டிக்கடைக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் ஆத்மநாதன். சமஸ்தானத்தில் சீனிக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் அதிகாரி. பின்னால் வந்த இருவரும் போலீஸ்காரர்கள்.

பூட்ஸ் சத்தம் கேட்டதுமே குழந்தைசாமி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டான். அவன் ரங்கூனில் பத்து வருஷம் ரொட்டி சுடும் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவன். ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது கையில் ஒன்றுமில்லாமல் காட்டுவழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தவன். வழியில் தன்னோடு நடந்தவர்களில் பாதிப் பேரைப் புதைக்கக்கூட நேரமில்லாமல் விட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து எந்தச் சத்தமும் அவனுக்குக் கெட்ட சத்தம்தான்.

"ஒன் கடைக்கு மாசம் அஞ்சு வீசை சீனிதான் அளக்கிறோம்" என்றார் ஆத்மநாதன். "அது பன்னுக்கே பத்தாது. ஆனா நீ தினமும் கேக்கு விக்கிறே, லட்டு விக்கிறே. சீனி எங்கேருந்து வருது?"

"சீனி இல்லீங்க ஐயா. பேரீச்சம்பழம். அரைச்சுப் போடுறேங்க."

"சமஸ்தான எல்லைக்கு அங்கிட்டு இருந்து ஒனக்கு மூட்டை மூட்டையா வண்டியில வருதுன்னு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு."

"வாரது வாஸ்தவந்தாங்க. கோட்டைப்பட்டினத்து மரைக்காயர்கிட்ட வாங்குறேன். மூட்டையில பழந்தான் இருக்கும்."

போலீஸ்காரர்கள் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். கம்பியில் கறுப்பாகப் பழம்தான் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆத்மநாதனுக்குச் சமாதானம் ஆகவில்லை. பழத்தை மேலே போட்டு அடியில் சீனி கொண்டுவந்து, வந்த அன்றே பதுக்கியிருக்கலாமே. அவர் ஒரு கேக் துண்டை எடுத்துத் தின்றார். நல்ல இனிப்பு. மெத்தென்று இருந்தது.

"வெறும் பழத்தை அரைச்சுப் போட்டா கேக்கு இப்படி வருமா? களி மாதிரில்ல இருக்கணும்?" என்றார். "மூணு நாள் கழிச்சு வாரேன். என் கண்ணு முன்னால செஞ்சு காட்டு. கேக்கு இதே மாதிரி வரலேன்னா கேஸுதான். யுத்தகாலச் சட்டம், தெரியுமில்ல? ரெண்டு வருஷம் உள்ளே இருக்கணும்."

ஒரு கேக்கையும் எட்டு லட்டுகளையும் தகர டப்பாவில் போட்டு அரக்கு வைத்து எடுத்துக்கொண்டார்கள். அடுப்பின் இரும்புக் கதவுக்கும் அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.

கடையை ஒட்டியே வீடு. குழந்தைசாமியின் மனைவி மீனம்மாள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உப்புப் பானைக்குள்ள ரெண்டு படி சீனி இருக்கு" என்றாள்.

குழந்தைசாமி சட்டென்று திரும்பினான். "ஏது?"

"நம்ம வீட்டு ரேஷன் கார்டுக்கு வாங்குனதுதான். பிள்ளை பொறந்தா நாலு பேருக்கு இனிப்புக் குடுக்கணும்னு அஞ்சு மாசமா வாயில போடாமச் சேத்து வச்சேன். மேல உப்பு கெடந்துச்சு. அவுக கைய விடலை."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதை யார் நம்பப்போகிறார்கள்? திரும்ப வந்து பானையைக் கவிழ்த்தால் வேறு சாட்சியே வேண்டாம். அன்று மத்தியானமே மீனம்மாள் அந்தச் சீனி முழுவதையும் கழுநீர்த் தொட்டியில் கரைத்து, பக்கத்து வீட்டுப் பசுவுக்கு வைத்தாள். பசு உறிஞ்சிக் குடிப்பதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாளும் குழந்தைசாமி சரியாகச் சாப்பிடவில்லை. அவன் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பேரீச்சம்பழக் கேக் அவனுக்கே எளிதில் படிந்த வித்தை அல்ல. சீனி கிடைக்காமல் போய், வெல்லமும் எட்டாத விலைக்குப் போனபோது அவன் அதைத் தொட்டான். முதல் ஐந்து கேக்குகள் குப்பைக்குப் போயின. வெண்ணெயோடு சீனியைத் தேய்த்தால் காற்று புகுந்து மாவு பொங்கும். பழத்தை அரைத்த விழுது அப்படிப் பொங்காது. அதனால் முட்டை வெள்ளையைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் கலக்கக் கற்றுக்கொண்டான். விழுதிலேயே தண்ணீர் இருப்பதால் பாலைப் பாதியாகக் குறைத்தான். எல்லாவற்றையும்விட அடுப்புதான் பெரிய பாடு. சீனிக் கேக்குக்கு வைக்கும் சூட்டில் பழக் கேக்கை வைத்தால், உள்ளே வேகும் முன்பே மேல்புறம் கருகிவிடும். அதனால் விடிகாலை ரொட்டி சுட்டு முடித்து, அடுப்புச் சூடு நன்றாகத் தணிந்த பிறகுதான் வைப்பான். இப்போது அடுப்பு மூன்று நாளாகக் குளிர்ந்து கிடக்கிறது. ஈர விறகு வேறு. புதிதாக மூட்டினால் சூடு எப்படி நிற்கும் என்று அவனுக்கே தெரியாது.

"பயத்துல கை மறந்துறப் போகுது" என்றாள் மீனம்மாள்.

"கை மறக்காது. அடுப்புதான் சொன்னபடி கேக்காது."

சொன்ன நாளில் ஆத்மநாதன் போலீஸ்காரர்களோடு வந்து அடுப்புக் கதவின் அரக்கை உடைத்தார். மைதா, வெண்ணெய், முட்டை, கடைத்தெருவில் வாங்கிய பழம், ஒரு படி சீனி எல்லாவற்றையும் தாமே கொண்டுவந்திருந்தார். பாத்திரங்களைத் தம் முன்னாலேயே கழுவச் சொன்னார்.

"ரெண்டு கேக்கு செய். ஒண்ணு சீனியில, ஒண்ணு பழத்துல. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் எனக்கு வித்தியாசம் தெரியும்."

குழந்தைசாமி அடுப்புக்குள் விறகை அடுக்கி மூட்டினான். எரிந்து முடிந்ததும் கங்குகளை வாரி வெளியே தள்ளி, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்தான். கொட்டை நீக்கிய பழத்தை வெந்நீரில் ஊறவைத்து மீனம்மாள் அம்மியில் அரைத்துக் கொடுத்தாள். ஒரு பங்கு சீனி போடும் இடத்தில் ஒன்றரைப் பங்கு விழுது எடுத்துக்கொண்டான். இரண்டு மாவும் தயாரானதும், ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் எறிந்து எண்ணினான். பத்து எண்ணுவதற்குள் மாவு தவிட்டு நிறமாகிவிட்டது.

"ஐயா, சீனிக் கேக்கை இன்னும் செத்த நேரத்துல வைக்கலாங்க. பழக் கேக்கு இந்தச் சூட்டைத் தாங்காது. ஒரு மணி நேரம் ஆறணும்."

"ஒரு மணி நேரத்துல நீ என்ன வேணும்னாலும் செய்வே. ரெண்டையும் ஒண்ணா வை."

"கருகிப் போயிருங்க."

"வைன்னு சொன்னேன்."

சீனிக் கேக் தாங்கும் அளவுக்கு மட்டும் ஆறவிட அவர் சம்மதித்தார். பிறகு இரண்டு தகரத் தட்டுகளும் நீளக் கரண்டியில் உள்ளே போயின. கதவு மூடியது. அந்த நேரத்தில் குழந்தைசாமி என்னவெல்லாம் நினைத்தான் என்று அவனால் பின்னால் சொல்ல முடியவில்லை. ஜெயில் வாசலில் கைப்பிள்ளையோடு மீனம்மாள் நிற்பதுபோல் ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வந்ததாம். கால் மணி நேரம் போவதற்குள் அடுப்பிலிருந்து ஒரு வாசனை வந்தது. அவனுக்குத் தெரிந்த வாசனை. பழச்சர்க்கரை கருகத் தொடங்கும் வாசனை.

"எடுத்துறட்டுங்களா?"

"கதவைத் தெற."

திறந்தான். ஆத்மநாதன் குனிந்து பார்த்தார். சீனிக் கேக் இன்னும் வெளிறிய மஞ்சளாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகப் பொன்னிறம் ஏறியிருந்தது. பக்கத்தில் பழக் கேக்கின் தலை காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது.

"மூடு. சீனிக் கேக்கு வேகட்டும்."

இரண்டும் வெளியே வந்தபோது பழக் கேக்கின் மேல் கறுப்பு ஓடு கட்டியிருந்தது. கத்தியைக் குத்தி எடுத்தான். நடுவில் ஈரமாவு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. மீனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தைசாமி கத்தியைக் கீழே வைத்தான். இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தான்.

ஆத்மநாதன் மட்டும் கேக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓட்டைப் பெயர்த்து, அடியில் வெந்திருந்த பகுதியைத் தின்று பார்த்தார். பிறகு சீனிக் கேக்கைத் தின்றார். "ஒரே அடுப்பு, ஒரே நேரம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். போலீஸ்காரரைக் கூப்பிட்டு அரக்கு வைத்த டப்பாவைப் பிரிக்கச் சொன்னார்.

டப்பாவுக்குள் லட்டுகள் வியர்த்துக் கிடந்தன. இரண்டில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. போலீஸ்காரர் மூக்கைச் சுளித்தார்.

"இது என்ன? இதையா ஊருக்கு விக்கிறே?" ஆத்மநாதனின் குரல் உயர்ந்தது.

"இல்லீங்க ஐயா. செஞ்ச மறுநாளுக்கு மேல வச்சிருக்க மாட்டேன்." குழந்தைசாமி டப்பாவைக் காட்டிச் சொன்னான். "பூந்தியைச் சீனிப் பாகுல போட்டா ஆறுறப்ப பாகு உறைஞ்சு பிடிச்சுக்குருங்க. பழ விழுது உறையாது. பூந்தியில போட்டா ஊறிக் கொழகொழன்னு போயிரும். அதனால பொட்டுக்கடலை மாவுலதான் பிடிக்கிறேன். விழுதை நெய்யில கிளறி, சட்டியில ஒட்டாமச் சுருண்டு வந்தப்பறந்தான் மாவு போடுவேன். அப்பவும் ஈரம் உள்ள நிக்கும். இந்த மழையில, மூடுன டப்பாவுல, தாங்காதுங்க."

ஆத்மநாதன் பூசணம் பிடிக்காத ஒரு லட்டை எடுத்து விரலால் அழுத்தினார். உதிரவில்லை. விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மூன்று நாளைக்கு முன் எடுத்த கேக்கையும் அழுத்தினார். இன்னும் காயாமல் மெத்தென்று இருந்தது, உள்ளே முழுக்க ஒரே தவிட்டு நிறம். இப்போது வெந்த சீனிக் கேக்கின் உள்புறமோ வெளிர் மஞ்சள்.

"அடுப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

குழந்தைசாமி மைதாவை எறிந்தான். முப்பத்தைந்து எண்ணிய பிறகுதான் நிறம் மாறத் தொடங்கியது.

"இப்ப தாங்குங்க."

"அப்ப மறுபடி செய். ஒன் இஷ்டத்துக்குச் செய்."

ஒரு முட்டை கீழே விழுந்து உடைந்தது. ஆனாலும் மாவு கலந்து, ஆழமில்லாத தட்டில் ஊற்றி, மேலே எண்ணெய்க் காகிதத்தைப் போர்த்தி உள்ளே வைத்தான். சீனிக் கேக்கைப் போல ஒன்றரை மடங்கு நேரம் ஆனது. வெளியே தூறல் விழுந்தது. ஆத்மநாதன் முக்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தி சுத்தமாக வெளியே வந்தது. கேக் டப்பாவில் இருந்ததைப் போலவே இருந்தது. ஆத்மநாதன் ஆறும்வரை பொறுத்திருந்து ஒரு துண்டு தின்றார். மீனம்மாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சீனி இல்லைன்னு எழுதிக் குடுத்துர்றேன்" என்றார். "மொதல்ல நீ நல்லாச் செஞ்சு காட்டியிருந்தா, எங்கேயோ சீனியைக் கலந்துட்டேன்னுதான் நினைச்சிருப்பேன். நீ சொன்னபடியே பழக் கேக்கு மட்டும் கருகினதுனால நம்பினேன்."

குழந்தைசாமி கும்பிட்டான்.

படி இறங்கப் போனவர் நின்றார். "கடுதாசியில ஒன் வண்டி வார நாள், மூட்டை எத்தனை, எல்லாம் சரியா எழுதியிருந்துச்சு. யாரோ தெரிஞ்சவன்தான். பாத்து இரு."

அவர்கள் போய்விட்டார்கள். மீனம்மாள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு உடைந்த முட்டையைத் துடைத்தாள். குழந்தைசாமி வாசலில் நின்று சந்தைப் பார்த்தான். எதிர்வீட்டு வெள்ளைச்சாமி குடையோடு வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டான். தினம் இரண்டு பன் வாங்குகிறவன். அவனுக்குப் பின்னால் நின்ற பிச்சையம்மாளும் நல்லவள்தான். மூட்டை இறங்கும்போது இருவரும் பார்த்திருக்கிறார்கள். சந்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

"முடிஞ்சுது" என்றான் குழந்தைசாமி.

மறுநாள் அவன் அம்மியைப் பின்கட்டிலிருந்து புரட்டிக் கொண்டுவந்து கடை முகப்பில் போட்டான். மூட்டைகளையும் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வாயைத் திறந்து வைத்தான். அன்றிலிருந்து பழம் அரைப்பது எல்லார் எதிரிலும்தான். யாராவது நின்று பார்த்தால் அவன் தலை நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்ப்பான். இவனாக இருக்குமோ என்று.