முதுகு காட்டிய டிஷ்கள்

"வலிப்பு மாத்திரை இங்கே இருக்கு, அவன் எங்கேயோ இருக்கான். ரெண்டு வேளை தவறிப்போச்சு, ஏட்டையா!" அக்கா மாத்திரை அட்டையைக் காவல் நிலைய மேசைமேல் வைத்தாள்.

அவள் தம்பி நேற்றுச் சாயங்காலம் அவள் கணவரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவன். இன்று காலை ஏதோ மொட்டைமாடியிலிருந்து ஒரு செல்ஃபி அனுப்பினான். 'நல்லா இருக்கேன், தேடாதீங்க.' அதோடு போன் அணைந்துவிட்டது.

ஏட்டு படத்தைப் பெரிதாக்கினார். முகத்துக்குப் பின்னால் மாடி மாடியாக டிவி டிஷ்கள், சோலார் ஹீட்டர்கள், கால் போன நாற்காலிகள். சற்றுத் தள்ளி ஒரே மாடியில் மூன்று கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். அவற்றுக்கு நேர் பின்னால் செல்போன் டவர்.

"இது மார்க்கெட் டவர். அதுக்கு எந்தப் பக்கம் நிக்கிறான்னுதான் தெரியல."

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார் அக்காவின் கணவர். பதினைந்து வருடமாக ஹீட்டர் மாட்டுகிறவர். "நம்ம ஊர்ல ஹீட்டர் எல்லாம் தெற்கே பார்த்துதான் சாயும். படத்துல இடப்பக்கம் சாயுது. இடக்கை தெற்குன்னா கேமரா பார்க்கிறது மேற்கு. பய டவருக்குக் கிழக்கே இருக்கான்."

டவருக்குக் கிழக்கே ஒன்பது மொட்டைமாடிகள் ஏறி இறங்கினார்கள். மூன்று தொட்டிகள் எங்குமே இல்லை.

"நான் மாட்டின ஹீட்டர் பொய் சொல்லாது!"

"ஹீட்டர் சொல்லாது. அதுக்கு நீங்க இருக்கீங்க," என்றார் ஏட்டு.

அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேற்கே பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி மேற்கே பார்த்தாள்.

"ஏங்க, நம்ம ஊர் டிஷ் எல்லாம் எங்கே பார்க்கும்?"

"தென்கிழக்கே. அதுக்கென்ன இப்போ?"

"இங்கிருந்து மேற்கே பார்த்தா எல்லா டிஷ்ஷும் நமக்கு மூஞ்சியைக் காட்டுது. படத்துல எல்லாமே முதுகைக் காட்டுதே!"

கணவர் போனைப் பிடுங்கினார். படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"முன்பக்கக் கேமரா! அவன் போன் கண்ணாடி மாதிரி இடப்பக்கத்தை வலப்பக்கமா மாத்திப் போட்டுருக்கு. அவன் கேமரா பார்த்தது கிழக்கு. ஆள் டவருக்கு மேற்கே நிக்கிறான்!"

"ஹீட்டரோட தலைவரே, வண்டியை எடுங்க," என்றார் ஏட்டு.

மேற்கே மூன்று தொட்டி வீடு பத்தே நிமிடத்தில் கிடைத்தது. அந்த மாடியில் நின்று கணவர் டவருக்கு முதுகைக் காட்டி, நேர் எதிரே கையை நீட்டினார். நான்காவது கட்டடம், ஒரு லாட்ஜ்.

அதன் மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் தம்பி உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்கே கண்டுபிடிச்சேன்? நான் சொன்ன பக்கமே தொடர்ந்து போயிருந்தா அடுத்த ஊருக்கே போயிருப்போம். உங்க அக்காவைக் கேளு."

"அக்கா, நான் வீட்டுக்கு வரமாட்டேன். என்னை மாமா..."

பேசத் திறந்த வாய் மூடுவதற்குள் அக்கா அதில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தாள்.

"முழுங்கு. அப்புறம் சண்டை போடலாம்."