றிஷானாவின் ஊசல்

கல்விமாணிப் பட்டத்துக்கான பிரதிபலிப்புக் கட்டுரையைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரு பகுதியைத் தவிர எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். "அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்?" என்ற தலைப்பின் கீழ் மூன்று வாரமாக ஒரு வரியும் வரவில்லை.

என் தலைப்பு எளிமையானது. கிண்ணியாவில் நான் படிப்பிக்கும் எட்டாம் தரத்தில் இரண்டு வகுப்புகள் உண்டு. இரண்டுக்கும் ஊசல் பாடம். 8 பி-க்கு நேரடிக் கற்பித்தல்: நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி ஆட்டிக் காட்டினேன், ஆடும் நேரத்தை நூலின் நீளம்தான் தீர்மானிக்கிறது, கட்டும் பொருளின் கனம் அல்ல என்று விளக்கினேன், பயிற்சி கொடுத்தேன். 8 ஏ-க்குத் தேடல்வழிக் கற்றல்: நூல், நட்டுகள், கடிகாரம் கொடுத்து, "எது மாறினால் ஆடும் நேரம் மாறும்?" என்று மட்டும் கேட்டேன். விடையைச் சொல்லக் கூடாது, கேள்வியால் மட்டுமே வழிகாட்ட வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

பாடம் முடிந்ததும் வைத்த சோதனையில் 8 பி முன்னுக்கு நின்றது. மூன்று வாரம் கழித்து வைத்ததில் இரண்டும் ஏறக்குறைய சமம். தெரியாத ஒரு பொருளுக்குத் தாங்களே பரிசோதனை வடிவமைக்கும் கேள்வியில் மட்டும் 8 ஏ கொஞ்சம் மேலே. இரண்டே வகுப்பு, ஒரே ஆசிரியர் என்பதால் இதை வைத்துப் பெரிய முடிவு எதையும் சொல்ல முடியாது. அதையும் எழுதியிருந்தேன்.

8 ஏ-யில் முப்பத்திரண்டு பேர். அட்டவணையில் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது றிஷானா. பாடம் நடந்து பன்னிரண்டாம் நாள் டெங்குவில் போய்விட்டாள்.

"இரண்டாம் சோதனை எழுதாத பிள்ளையை ஒப்பீட்டில சேர்க்க ஏலாது, சிவாஜினி," என்றார் என் மேற்பார்வையாளர் குணரத்தினம் சேர். "அது விதி. கவலையா இருந்தாலும் விதிதான்."

விதி சரி. ஆனால் பாடத்தன்று நடந்தது அட்டவணைக்குள் அடங்காது.

மற்றக் குழுக்கள் நட்டுகளை ஒரு கம்பி வளையத்தில் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டன. றிஷானாவின் வாப்பா தூண்டில் தொழில் செய்பவர். ஈயக்குண்டுகளைக் கயிற்றில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டுவார். அவள் நட்டுகளையும் அப்படியே கட்டினாள். ஐந்து நட்டு சேர்ந்ததும் கனம் மட்டுமல்ல, கனத்தின் மையமும் ஆறு சென்ரிமீற்றர் கீழே இறங்கிவிட்டது. அதாவது ஊசலே நீண்டுவிட்டது. ஒரு நட்டுடன் இருபது ஆட்டத்துக்கு இருபத்திரண்டு செக்கன். ஐந்துடன் இருபத்துநான்கு. அளவு துல்லியம், முடிவு பிழை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்டேன்.

"டீச்சர், கனம் கூடினா மெல்லமாத்தான் ஆடுது. என்ன?"

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்றேன்.

"நான் நினைக்கிறதத்தானே சொன்ன. நீங்க சொல்லுங்களன்."

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சருக்கும் தெரியாதுடி," என்றது ஒரு குரல். நானும் சிரித்தேன். மணி அடித்தது. அடுத்த பாடத்தில் எல்லாக் குழுக்களின் அளவுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவோம், வித்தியாசத்தை அவளே கண்டுபிடிப்பாள் என்பது என் திட்டம். அடுத்த பாடத்துக்கு அவள் காய்ச்சலில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆடுகிற எதையும் என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. திருகோணமலையிலிருந்து பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில், சாரதியின் கண்ணாடியில் ஒரு செபமாலை தொங்கும். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அது ஆடத் தொடங்கும், நான் எண்ணத் தொடங்குவேன். வகுப்பில் யார் "டீச்சர்" என்று கூப்பிட்டாலும் என் முகம் றிஷானா இருந்த மூன்றாவது வாங்குக்குத்தான் திரும்பும். அங்கே இப்போது யாரும் இருப்பதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே அந்த இடத்தை விட்டு விலகி உட்கார்ந்துகொண்டார்கள்.

கடைசியில், அவளுடைய வேலையைக் கட்டுரையில் தனியாக எழுதுவது என்று முடிவெடுத்தேன். பெயரை மாற்ற வேண்டும், பெற்றோரின் சம்மதம் வேண்டும். சனிக்கிழமை காலை சம்மதப் படிவத்தோடு குறிஞ்சாக்கேணியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய உம்மா ஸல்ஹா கதவைத் திறந்தார். "வாங்க டீச்சர். நானே உங்கள்ட்ட வர இருந்த." அலுமாரியிலிருந்து றிஷானாவின் விஞ்ஞானக் கொப்பியை எடுத்துவந்தார். புதிதாகப் பொலித்தீன் உறை போட்டிருந்தது.

"பள்ளிக்கூடத்தில விஞ்ஞானக் கண்காட்சி வருதாம். மகள் கண்டுபுடிச்சத அதுல வைக்கோணும். காய்ச்சல் வாறதுக்கு முந்தி ரெண்டு நாளும் யன்னல் கம்பில வாப்பாட ஈயக்குண்டக் கட்டி ஆட்டின. சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரல்ல."

பக்கத்தைப் பார்த்தேன். பத்து அளவுகள். ஒவ்வொன்றும் மூன்று தரம் எடுத்து, சராசரியும் கண்டிருந்தாள். அடியில் சிவப்புப் பேனையால் இரட்டைக் கோடு: கனம் கூடினால் மெதுவாக ஆடும்.

நான் விட்ட பிழை அந்த வீட்டில் தனியாக வளர்ந்திருந்தது. நல்ல அளவுகளாலேயே இன்னும் உறுதியாகியிருந்தது.

கண்காட்சியில் அதை வைத்தால் மற்றப் பிள்ளைகளே வாசித்துப் பிழை என்பார்கள். பேசாமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகவும் முடியும். ஸல்ஹா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அளந்தது எல்லாம் சரி. முடிவு பிழை."

யன்னல் கம்பியில் நூல் இன்னும் கட்டியபடி இருந்தது. ஈயக்குண்டுகளை அவரிடம் வாங்கி, முதலில் ஒன்றைக் கட்டினேன். ஸல்ஹா எண்ணினார், நான் கைபேசியில் நேரம் பார்த்தேன். இருபத்திரண்டு செக்கன். பிறகு ஐந்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக. இருபத்துநான்கு. பிறகு அதே ஐந்தையும் ஒரே கொத்தாக, முதல் குண்டு தொங்கிய உயரத்திலேயே நடு வரும்படி முடிந்தேன்.

"இருபது," என்றார்.

"இருபத்திரண்டு செக்கன். கனம் அஞ்சு மடங்கு, நேரம் அதேதான். கீழ கீழ கட்டினதால ஊசல் நீண்டிட்டுது அக்கா. ஒரே நேரத்தில ரெண்டு விசயம் மாறிட்டுது. அவ ஒண்டைத்தான் பாத்தவ."

ஸல்ஹா கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமா?"

"ஓம்."

"கண்டீங்களா?"

"பக்கத்தில நிண்டு கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"தானாக் கண்டுபிடிச்சா மறக்காது எண்டு நினைச்சனான். அடுத்த பாடத்தில காட்டலாம் எண்டு இருந்தனான்."

"அடுத்த பாடம்," என்றார் ஸல்ஹா. குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொப்பியின் உறையை நீவிவிட்டு, "சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டா. உங்களோட சண்டைக்கு வந்திருப்பா," என்றார். "அந்தச் சண்டையாவது நடந்திருக்கும்."

படிவத்தை நீட்டச் சொன்னார். கையெழுத்து வைக்குமுன் பேனையை நிறுத்தினார்.

"கண்காட்சிக்கு வேணாம். நீங்க எழுதுறதுல எழுதுங்க. புள்ள பிழை விட்டா எண்டு மட்டும் எழுதாம, நீங்க கண்டும் பேசாம நிண்டத எழுதுங்க."

"எழுதுறன்."

அந்த வெறும் பகுதிக்கு என்ன எழுத வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. தேடலா, சொல்லிக்கொடுப்பதா என்று நான் கேட்ட கேள்வியே அரைகுறை. பிள்ளை ஒரு பிழையோடு வீட்டுக்குப் போகப் போகிறது என்று கண்ட அந்த நிமிடத்தில், "ஊசலின் நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தாய்?" என்றாவது கேட்டிருக்க வேண்டும். அதற்கும் நேரம் இல்லையென்றால் விடையைச் சொல்லியிருக்க வேண்டும். முறையைக் காப்பாற்ற நான் பிள்ளையைக் காத்திருக்க வைத்தேன். கட்டுரைக்குப் புள்ளி குறைந்தாலும் அந்தப் பகுதி அப்படியேதான் போகும்.

படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். ஸல்ஹா வாசல்வரை வரவில்லை. படலையைச் சாத்தும்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. குண்டுக் கொத்தை மறுபடி ஆட்டிவிட்டிருக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று எண்ணி, நிறுத்தாமல் இருபத்தொண்டு, இருபத்திரண்டு என்று போய்க்கொண்டிருந்தார்.